கார்ட் கடன் எத்தனை மாதத்தில் முடியும்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

போன மாதம் மனைவியின் தம்பி வெள்ளவத்தைக்கு வந்தபோது ஒரு கேள்வியோடுதான் வந்தான். அவனுடைய கடனட்டையில் 180,000 ரூபாய் நிலுவை நிற்கிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் செலவில் ஒரு பகுதி, அப்புறம் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகிப் புதிதாக ஒன்று எடுத்தது, எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை. இனிக் கார்டைத் தொடுவதில்லை, சம்பளம் வந்ததும் மாதாமாதம் 10,000 கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டான். "அத்தான், 18 மாதத்தில முடிஞ்சிடும்தானே?" என்றான்.

180,000 ஐ 10,000 ஆல் வகுத்தால் 18 வரும், சரி. ஆனால் அது வட்டியில்லாமல் கைமாற்றாக வாங்கிய காசுக்குத்தான் பொருந்தும். கார்ட் கடனில் ஒவ்வொரு மாதமும் நீங்கள் கட்டும் 10,000 இல் ஒரு பங்கை முதலில் வட்டி எடுத்துக்கொள்ளும், மிஞ்சியதுதான் கடனைக் குறைக்கும். அவனுக்கு உண்மையில் எத்தனை மாதம் ஆகும் என்று அன்றைக்கு மேசையில் இருந்தே கணக்குப் போட்டோம். அதையே படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

முதல் படி: ஸ்டேட்மென்டிலிருந்து மூன்று எண்கள்

ஒன்று, மொத்த நிலுவை. இரண்டு, வருட வட்டி வீதம். மூன்று, இந்த மாதம் கட்ட வேண்டிய ஆகக்குறைந்த தொகை, அதாவது எல்லோரும் மினிமம் பேமன்ட் என்று சொல்வது.

நிலுவையை எடுக்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். கொழும்பில் பலர் கார்டிலேயே 6 மாதம், 12 மாதம் என்று வட்டியில்லாத் தவணைக்குப் பொருள் எடுப்பார்கள். அந்தத் தவணையில் இன்னும் பில்லுக்கு வராத மிச்சம் வட்டி ஏறும் நிலுவையோடு சேராது. மாதாமாதம் பில்லுக்கு வரும் தவணையைப் புதுச் செலவு மாதிரிக் கணக்கில் எடுக்க வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, வட்டி ஏறுகிற தொகையை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சானின் ஸ்டேட்மென்டில் வருட வட்டி 24 வீதம். அதை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 2 வீதம். உங்களுடையது 26 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 2.17, 28 என்றால் 2.33. பழைய ஞாபகத்தில் ஒரு வீதத்தைப் போடாதீர்கள். 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது, 2023 ஆகஸ்டில் வைத்த உச்சவரம்போ 28 வீதம். மூன்றே வருடத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது. ஆகவே கடைசி ஸ்டேட்மென்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள்.

இரண்டாம் படி: முதல் மாத வட்டி

180,000 இல் 2 வீதம் 3,600 ரூபாய். இந்த முழுக் கணக்குக்கும் அச்சாணி இந்த எண்தான். நீங்கள் கட்டப் போகும் தொகையிலிருந்து இதைக் கழியுங்கள்: 10,000 இல் 3,600 போனால் 6,400. முதல் மாதம் கடன் உண்மையில் குறைவது இந்த 6,400 தான். மச்சான் 10,000 குறையும் என்று நினைத்திருந்தான்.

கழித்த பிறகு பூச்சியமோ அதற்குக் கீழேயோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஏனென்றால் அந்தத் தொகையைக் கட்டினால் கடன் ஒருநாளும் முடியாது. 180,000 க்கு மாதம் 3,600 கட்டினால் பத்து வருடம் கழித்தும் 180,000 அப்படியே நிற்கும்.

மூன்றாம் படி: மாதங்களை எண்ணுவது

நேரான வழி, ஒவ்வொரு மாதமாக எழுதிப் பார்ப்பது. 180,000 ஓடு வட்டி 3,600 சேர்ந்து 183,600 ஆகும், 10,000 கட்டினால் 173,600. அடுத்த மாதம் வட்டி 3,472, சேர்ந்தால் 177,072, கட்டிய பிறகு 167,072. இப்படியே போகலாம், பிழை வராது, ஆனால் இருபது இருபத்தைந்து வரி எழுத வேண்டும்.

அந்த எண்களையே கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு குறுக்குவழி தெரியும். முதல் மாதம் கடன் குறைந்தது 6,400. இரண்டாம் மாதம் 10,000 இல் 3,472 வட்டிக்குப் போக 6,528 குறைகிறது. 6,400 ஐ 1.02 ஆல் பெருக்கினாலும் அதே 6,528 தான் வரும். அதாவது கடனை அடைக்கும் பங்கு மாதாமாதம் அதே 2 வீதத்தால் கூடிக்கொண்டே போகிறது. இது தற்செயல் இல்லை. போன மாதம் 6,400 கடன் குறைந்ததால் இந்த மாதம் அந்த 6,400 க்குரிய வட்டி, அதாவது 128 ரூபாய், மிச்சமாகிறது. மிச்சமானது கடனை அடைக்கும் பக்கம் வந்துவிடுகிறது.

அந்தப் பங்கு வளர்ந்து வளர்ந்து 10,000 ஐ எட்டும்போது வட்டிக்கென்று எதுவும் மிச்சமில்லை, அதாவது கடனே இல்லை. ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: போனில் கல்குலேட்டரைத் திறந்து 6,400 ஐப் போட்டு, 1.02 ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கி, 10,000 ஐத் தாண்டும்வரை எத்தனை முறை பெருக்கினோம் என்று எண்ணுங்கள். 22 ஆம் முறை 9,894 வரும், 23 ஆம் முறை 10,092. ஆக 23 மாதம். முதல் 22 மாதமும் முழு 10,000, 23 ஆம் மாதம் ஏறக்குறைய 5,400 கட்டினால் முடிந்துவிடும். கையிலிருந்து மொத்தம் 225,400 அளவில் போகும், அதில் 45,400 வட்டி.

மச்சான் நினைத்ததைவிட ஐந்து மாதம் கூட. அவனுக்கு முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான், ஆனால் தை மாதம் முடிந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்து, தையில் கடன் நிற்பதைப் பார்ப்பதைவிட இது நல்லது.

கணினியோ போனில் கூகுள் ஷீட்ஸோ இருந்தால் ஒரே வரியில் போடலாம். எக்ஸலிலும் இதுவேதான்:

```
=NPER(0.24/12, -10000, 180000)
```

விடை 22.54 என்று வரும், அதை மேலே தூக்கி 23 என்று எடுங்கள். 10,000 க்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம், அது கையிலிருந்து வெளியே போகும் காசு. `#NUM!` என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் போட்ட தொகை வட்டிக்கே காணாது என்று அர்த்தம்.

ஒரு திகதிக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மாதம் எவ்வளவு என்று தலைகீழாகக் கேட்கவும் முடியும். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால்:

```
=PMT(0.24/12, 12, 180000)
```

17,021 ரூபாய் அளவில் வரும், கழித்தல் குறியோடு.

கல்குலேட்டரே இல்லாமல்

கடனை அடைக்கும் பங்கு வளரும் கதை புரிந்துவிட்டால் இது மனக்கணக்கிலேயே வரும். நீங்கள் கட்டுவது முதல் மாத வட்டியைப் போல எத்தனை மடங்கு என்று மட்டும் பாருங்கள். சரியாக இரண்டு மடங்கு கட்டுகிறீர்கள் என்றால், முதல் மாதம் பாதி வட்டிக்கும் பாதி கடனுக்கும் போகிறது. அந்தப் பாதி வளர்ந்து முழுத் தொகையாக வேண்டும், அதாவது இரட்டிப்பாக வேண்டும். ஒரு தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் எடுக்கும் என்பதற்கு, 72 ஐ வருட வட்டியால் வகுக்கும் பழைய கணக்கு பலருக்கும் தெரியும். 72 ஐ 24 ஆல் வகுத்தால் 3 வருடம். துல்லியமாகப் போட்டால் 35 மாதம் வருகிறது, கிட்டத்தட்டச் சரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கடன் எவ்வளவு என்பது கணக்கிலேயே வரவில்லை என்பதுதான். 50,000 கடனோ 5 இலட்சமோ, 24 வீதத்தில் முதல் மாத வட்டியின் இரண்டு மடங்கை மாதாமாதம் கட்டினால் 35 மாதம்தான். மூன்று மடங்கு கட்டினால் 21 மாதம், நான்கு மடங்கு என்றால் 15. மறுபக்கம், ஒன்றரை மடங்குதான் முடியும் என்றால் 56 மாதம், ஒன்றேகால் மடங்கு என்றால் 82 மாதம், கிட்டத்தட்ட ஏழு வருடம். இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கினால் மாதங்கள் எவ்வளவு வேகமாக நீள்கின்றன பாருங்கள். மச்சானின் 10,000 என்பது 2.8 மடங்கு அளவில் வருகிறது, அதனால்தான் 23 மாதம், 21 க்குக் கொஞ்சம் மேலே.

வட்டி வீதம் ஏறினால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. மாதம் 10,000 கட்டுகிற மச்சானுக்கு வீதம் 18 ஆக இருந்தால் 22 மாதம், 28 ஆக இருந்தால் 24 மாதம். கட்டும் தொகை வட்டியைவிட நன்றாக மேலே இருப்பதால் வீதம் மாறினாலும் மாத எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. அதே கடனுக்கு ஒருவர் 5,000 மட்டும் கட்டுகிறார் என்று வையுங்கள்: 18 வீதத்தில் 53 மாதம், 28 வீதத்தில் 80 மாதம். ஆகவே வட்டிக்கு ஒட்டிக் கட்டுகிறவர்தான் ஒவ்வொரு வீத மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்.

மினிமம் எங்கே வருகிறது

முதல் படியில் எழுதி வைத்த மூன்றாவது எண் இப்போது தேவை. நீங்கள் தீர்மானிக்கும் தொகை ஸ்டேட்மென்டில் உள்ள மினிமத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தாமதக் கட்டணம் விழும், மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. மினிமம் நிலுவையில் 5 வீதம் என்று வைத்தால், மச்சானின் 183,600 க்கு 9,180 வருகிறது. அவன் கட்டும் 10,000 அதற்கு மேலே இருக்கிறது, சரி. நான் உதாரணத்துக்குச் சொன்ன 5,000 அங்கே முதல் மாதமே காணாது. உங்கள் கார்டில் வீதம் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் உடனே கேட்டான், மினிமம் 9,180, நான் கட்டுவது 10,000, கிட்டத்தட்ட ஒன்றுதானே, பேசாமல் மினிமத்தையே கட்டிக்கொண்டு போகலாமே என்று. நியாயமான கேள்வி, பலர் விழும் இடமும் இதுதான். மினிமம் நிலையான தொகை இல்லை. நிலுவை குறையக் குறைய அதுவும் குறையும். ஒவ்வொரு மாதமும் 2 வீதம் ஏறி 5 வீதம் இறங்கினால், மாதக் கடைசியில் கடன் முந்தியதில் 96.9 வீதமாகத்தான் ஆகிறது. இப்படி 23 மாதம் போனால் இன்னும் 87,000 ரூபாய் நிற்கும். நிலையாக 10,000 கட்டியவன் அந்த மாதம் பூச்சியத்தில் இருப்பான். மினிமம் கட்டியவரின் பில் அப்போது 4,600 அளவுக்கு இறங்கியிருக்கும், பார்க்க ஆறுதலாக இருக்கும், ஆனால் பாதிக் கடன் அப்படியே இருக்கிறது. ஆகவே மினிமம் இறங்கினாலும் உங்கள் தொகையை இறக்காதீர்கள். வங்கி ஆப்பில் தானாகப் பணம் போகும்படி நிலையான கட்டளை கொடுக்கும்போது "மினிமம்" என்பதைத் தெரிவு செய்யாமல் 10,000 என்று தொகையையே போடுங்கள்.

கணக்குப் பிழைக்கும் இடங்கள்

பெரிய காரணம், கார்டைத் தொடர்ந்து பாவிப்பது. மாதம் 10,000 கட்டிக்கொண்டே, பெட்ரோலுக்கோ ஆன்லைன் சந்தாவுக்கோ 2,000 அதே கார்டில் போனால், கடனுக்குப் போவது 8,000 தான். கணக்கில் 10,000 க்குப் பதிலாக 8,000 ஐப் போடுங்கள்: 23 மாதம் 31 ஆகிவிடும். வட்டியில்லாத் தவணை பில்லுக்கு வந்தால் அதையும் இப்படியே கழிக்க வேண்டும். இன்னொன்று, நிலுவை சுமந்துகொண்டு இருக்கும்போது புதுச் செலவுக்கு அந்த வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். கடன் முடியும்வரை கார்டை வீட்டில் வைத்துவிட்டு டெபிட் கார்டோடு திரிவதுதான் கணக்கைக் காப்பாற்றும்.

வருடக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். வருடத்துக்கு 3,000 என்றால் மாதத்துக்கு 250 என்று பிரித்து, 9,750 கட்டுவதாக எடுங்கள். மச்சானுக்கு 23 மாதம் 24 ஆகிறது. ஒரு மாதம்தான், ஆனால் முடியும் என்று நினைத்த மாதத்தில் முடியவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

வங்கிகள் வட்டியை வழக்கமாக நாள் கணக்கில்தான் போடுகின்றன, நாம் 12 ஆல் வகுத்தது ஒரு சராசரி. 31 நாள் மாதத்தில் வட்டி கொஞ்சம் கூட, பெப்ரவரியில் கொஞ்சம் குறைய வரும். வருடம் முழுக்கப் பார்த்தால் சமன்படும். நாள் கணக்கு என்பதால் ஒரு சின்ன நன்மையும் உண்டு. கடைசித் திகதிவரை காத்திருக்காமல் சம்பளம் வந்த அன்றைக்கே கட்டினால், 15 நாள் முந்திக் கட்டும் 10,000 க்கு மாதம் 100 ரூபாய் அளவில் வட்டி மிச்சம்.

கணக்கு சரியா என்று மூன்று மாதம் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பாருங்கள். மச்சானுக்கு எழுதிக் கொடுத்த தாளில் 173,600, 167,072, 160,413 என்று முதல் மூன்று மாத நிலுவையும் இருக்கின்றன. நூறு இருநூறு ரூபாய் முன்பின் வந்தால் அது நாள் கணக்கு. ஆயிரக்கணக்கில் கூட வந்தால் ஏதோ கட்டணம் விழுந்திருக்கிறது, அல்லது கார்டில் பழைய சந்தா ஏதோ தானாகப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது வீதம் மாறியிருக்கிறது. ஸ்டேட்மென்டில் வட்டி என்று போட்டிருக்கும் தொகையை முந்திய மாத நிலுவையால் வகுத்துப் பாருங்கள். 0.02 ஐச் சுற்றி வர வேண்டும், 0.023 என்று வந்தால் வீதத்தைத்தான் கேட்க வேண்டும். மாறியிருந்தால் அன்றைய நிலுவையையும் புதிய வீதத்தையும் வைத்து முதல் படியிலிருந்து திரும்பப் போடுங்கள்.

கடைசி மாதம் ஒரு விஷயம். ஸ்டேட்மென்டில் உள்ள முழு நிலுவையையும் கட்டிய பிறகும் அடுத்த மாதம் சின்னதாக ஒரு வட்டி வரும். ஸ்டேட்மென்ட் அடித்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது, பிழை இல்லை. அது ஐம்பது நூறு ரூபாய் என்று விட்டுவிட்டால் அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே கார்டை ரத்துச் செய்ய நினைத்தாலும் அதையும் கட்டி, பூச்சியம் என்று வரும் ஸ்டேட்மென்ட் கைக்குக் கிடைத்த பிறகு வங்கிக்குப் போங்கள். மச்சானின் தாளில் 23 ஆம் வரிக்குக் கீழே 24 என்று எழுதி, பக்கத்தில் "மிச்ச வட்டி" என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.